பத்து சதவீதமா, 384ஆ? சர்க்கரை நோய் ஆய்வில் எத்தனை பேரைச் சோதிப்பது

சிறிய நகரம் ஒன்றில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கண்டறிய ஆய்வேட்டு முன்மொழிவு எழுதும் மாணவர், மாதிரி அளவு என்ற பத்தியில்தான் தடுமாறுகிறார். எண்ணை எங்கிருந்தோ எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவதால் வரும் தடுமாற்றம் அது. 18,000 வயது வந்தோர் வாழும் ஒரு தமிழ்நாட்டு நகரத்தை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நம்பிக்கை: ஊர் மக்களில் பத்து சதவீதம் பேரையாவது சோதிக்க வேண்டும்.

அப்படியானால் 1,800 பேர். ஆனால் நம் மருத்துவக் கல்லூரிகளில் வழக்கமாகப் பயன்படும் சூத்திரத்தில் ஊரின் அளவுக்கு இடமே இல்லை: `n = 4pq/d²`. இதில் p எதிர்பார்க்கும் பரவல் சதவீதம், q என்பது நூறிலிருந்து அதைக் கழித்தது, d நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. பரவல் 14 சதவீதம், பிழை கூடவோ குறையவோ 3 சதவீதம் என்று வைத்தால் 4 × 14 × 86 ÷ 9, அதாவது 536 பேர். ஊர் சிறியது என்பதற்கான திருத்தத்தைச் செய்தாலும் 521க்குத்தான் இறங்கும். 15 பேருக்காக அதைச் செய்யாமல் விட்டாலும் குற்றமில்லை.

நம்பிக்கை: பரவல் தெரியாவிட்டால் 50 சதவீதம் என்று போட்டால் 384 வரும், அதுவே பாதுகாப்பு.

384 என்பது, சூத்திரத்தில் உள்ள 4ஐ முழு எண்ணாக்காமல் கணக்கிட்டால், 5 சதவீதப் பிழைக்கு வரும் எண். 50 சதவீதம் என்று வைப்பது, எதுவுமே தெரியாத நோய்க்குப் பொருந்தும். சர்க்கரை நோய் அப்படிப்பட்டதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் INDIAB ஆய்வு 2011இல் தமிழ்நாட்டு நகர்ப்புறத்துக்கு 13.7, கிராமப்புறத்துக்கு 7.8 சதவீதம் என்று சொன்னது. 2023இல் வெளியான முடிவில் மாநிலம் முழுவதற்கும் 14.4. சிறு நகரத்துக்கு 14 என்று எடுத்ததற்கு இவையே ஆதாரம்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிழையைப் பரவலில் 20 சதவீதம் என்று வைப்பது நம்மிடம் பரவலான பழக்கம். பரவலை 50 என்று போட்டுவிட்டு அதில் 20 சதவீதம் எடுத்தால் பிழை 10 ஆகிவிடும். மாதிரி வெறும் 100 பேர். உண்மைப் பரவல் 14ஆக இருந்தால் அந்த 100 பேரிடமிருந்து கிடைப்பது 7க்கும் 21க்கும் இடையில் எங்கோ என்ற விடைதான். அதை வைத்து எந்த மருத்துவ அலுவலரும் மாத்திரைக்கு இருப்புத் திட்டம் போட முடியாது.

நம்பிக்கை: முந்தைய ஆய்வு எதுவானாலும் அதன் சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

முன்மொழிவை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். மேலே சொன்ன ஆய்வு 20 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்தது. நீங்கள் 30 வயதுக்கு மேல் மட்டும் பார்த்தால் பரவல் கூடும். 2011இல் சொன்ன அளவு, குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த சோதனையில் வந்தது. நீங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் உயர்பவர்கள் தப்பிவிடுவார்கள், பரவல் குறையும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவோரையும் எண்ணிக்கையில் சேர்த்தார்களா என்பதும் முக்கியம். வயதும் சோதனையும் வரையறையும் உங்கள் ஆய்வோடு ஒத்துப்போகும் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு எண்கள் சமமாகப் பொருந்தினால் பெரியதை எடுங்கள். 14க்குப் பதில் 18 என்றால் 656 பேர் வேண்டும்.

நம்பிக்கை: சூத்திரம் தந்த எண்ணே இறுதி எண்.

பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தால்தான் 536 போதும். பெரும்பாலான மாணவர்கள் சில வார்டுகளைத் தேர்ந்து, அங்கே வீடு வீடாகப் போகிறார்கள். ஒரே தெருவில் இருப்பவர்களின் தொழிலும் சாப்பாடும் வருமானமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அவர்களில் பத்துப் பேர் ஊரெங்கும் சிதறிய பத்துப் பேருக்கு ஈடாக மாட்டார்கள். இதற்காக 1.5ஆல் பெருக்கினால் 804. இந்த 1.5 ஓர் அனுமானம்தான். இதே முறையில் நடந்த ஆய்வில் கண்ட அளவு கிடைத்தால் அதைப் போடுவதே சரி.

பிறகு ரத்தம் கொடுக்க மறுப்போர். 15 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றால் 804ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 946 வரும். பலர் 15 சதவீதத்தைக் கூட்டி 925 என்று எழுதுகிறார்கள். 925இல் 15 சதவீதம் பேர் விலகினால் மிஞ்சுவது 786, தேவையோ 804.

நம்பிக்கை: ஆள் அதிகமானால் தவறு மறையும்.

இலவச முகாமுக்கு வரும் 4,000 பேரைச் சோதித்தாலும் ஊரின் பரவல் கிடைக்காது. சந்தேகம் உள்ளவர்களும் குடும்பத்தில் நோய் உள்ளவர்களும்தான் அங்கே அதிகம் வருவார்கள். எண்ணிக்கை கூடக்கூட, தவறான விடையைச் சுற்றி இடைவெளி குறுகும்; பார்ப்பவருக்கு அது துல்லியமாகத் தெரியும். வீடு வீடாகப் போகும் ஆய்விலும் இதே கோளாறு உண்டு. காலை பத்து மணிக்குப் போனால் வேலைக்குப் போன ஆண்கள் இருக்க மாட்டார்கள். பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டால் 946 நிறைந்துவிடும். விடுபட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால் மாற்று வீடு எடுப்பதில்லை, அதிகாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ இன்னும் இரண்டு முறை போவோம், அப்போதும் கிடைக்காதவரின் வயதையும் பாலினத்தையும் குறித்துவைப்போம் என்பதையும் மாதிரி அளவுப் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.