செப்டம்பரில் பிரிட்டன் போகும் பிள்ளைகள்: டெபாசிட் ரசீதுகளை இப்போதே எடுத்துப் பாருங்கள்

ஜூன் மாதம் பாதி கடந்துவிட்டது. பிரிட்டனில் செப்டம்பர் சேர்க்கைக்கு இடம் கிடைத்த பிள்ளைகளின் வீடுகளில் இப்போது பேச்சு விசாவைப் பற்றித்தான். "பணத்துக்குக் கவலையில்லை, பேங்க்ல எஃப்.டி. இருக்கு" என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அந்த நிம்மதி நியாயமானதா என்பதை ஆகஸ்டில் அல்ல, இந்த மாதமே சோதித்துவிடுங்கள். பணம் இருப்பது வேறு, அது விசா அதிகாரியின் கணக்கில் சேர்வது வேறு. பல ஆண்டுகளாக நேர்மையாகச் சேர்த்த பணம், ரசீதில் இருக்கும் ஒரு தேதியாலோ ஒரு பெயராலோ கணக்கில் வராமல் போய்விடுகிறது.

முதலில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று பார்ப்போம். முதல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் இன்னும் கட்டாமல் இருக்கும் பாக்கி, அதோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் அமலில் உள்ள கணக்குப்படி, லண்டனில் படிப்பவருக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. லண்டனுக்கு வெளியே ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு ஆகிறது. இந்தத் தொகை முழுவதும் விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து 28 நாட்கள் கையிருப்பில் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த 28 நாட்கள் முடிந்து கடைசி இருப்பைக் காட்டும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும்.

பணம் மாணவர் பெயரிலோ, தாய் அல்லது தந்தை பெயரிலோ, சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருந்தால்தான் செல்லும். தாத்தா, பாட்டி, சித்தப்பா, கூடப்பிறந்த அண்ணன் எவ்வளவு அன்போடு எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் பெயரில் மட்டும் உள்ள பணம் கணக்கில் வராது. கூட்டுக் கணக்கு என்றால் அதில் மாணவரோ பெற்றோரோ ஒருவராக இருக்க வேண்டும்.

டெபாசிட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நினைத்தவுடன் எடுக்கக்கூடிய பணமாக அது இருக்க வேண்டும். நம் வங்கிகளின் சாதாரண டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம் என்பதால் அதில் தடையில்லை. ஆனால் எல்லா டெபாசிட்டும் அப்படியல்ல. வருமான வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்தாண்டு டெபாசிட்டை நடுவில் எடுக்க முடியாது. டெபாசிட்டை ஈடாக வைத்துக் கடனோ ஓவர்டிராஃப்டோ வாங்கியிருந்தால், அந்த அளவுக்கு வங்கி அதன்மேல் உரிமை குறித்து வைத்திருக்கும், மிச்சம்தான் உங்களுடையது. ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, சற்றுக் கூடுதல் வட்டி தந்து நடுவில் எடுக்க முடியாதபடி போடும் டெபாசிட்டும் உண்டு. ஓய்வுபெற்றவர்கள் விரும்பிப் போடும் டி.என். பவர் ஃபைனான்ஸ் போன்ற நிதி நிறுவன வைப்புகள் பாதுகாப்பானவையாகவே இருக்கட்டும், அவை வங்கிக் கணக்கு அல்ல. விதி கேட்பது வங்கிக் கணக்கை. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்து வைப்புக்கும் இதேதான். அப்படிப்பட்ட பணத்தை இந்த மாதமே எடுத்து வங்கிக்கு மாற்றுவது நல்லது.

ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். நாமக்கல் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு லண்டனுக்கு வெளியே ஓராண்டு முதுகலைப் படிப்பு. கட்டணம் 24,000 பவுண்டு, அதில் 8,000 கட்டியாயிற்று. பாக்கி 16,000, வாழ்க்கைச் செலவு 10,539, ஆக 26,539 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 125 ரூபாய் என்று போட்டால் 33 லட்சத்து 17 ஆயிரத்துச் சொச்சம். வீட்டில் இருக்கும் ரசீதுகளைக் கூட்டினால் நாற்பத்தொன்றரை லட்சம் வருகிறது. தாராளமாக இருப்பதுபோலத் தெரியும்.

இப்போது ஒவ்வொரு ரசீதாகப் பாருங்கள். அப்பா பெயரில் 15 லட்சம், ஜூலை 13-ல் முதிர்கிறது. அம்மா பெயரில் 9 லட்சம், எந்தச் சிக்கலும் இல்லை. அப்பா பெயரில் இன்னொரு 6 லட்சம், ஆனால் அதன்மேல் 4 லட்சம் ஓவர்டிராஃப்ட் வாங்கியிருக்கிறார். கணக்கில் வருவது 2 லட்சம். ஒன்றரை லட்சம் வரிச் சலுகை டெபாசிட். அதை விட்டுவிட வேண்டியதுதான். அப்பத்தா தன் பெயரில் போட்டிருக்கும் 10 லட்சம், பேத்திக்காகவே வைத்திருப்பது. அதுவும் இன்றைய நிலையில் பூஜ்யம். ஆக மொத்தம் 26 லட்சம்தான். ஏழு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

இதைச் சரிசெய்ய எளிய வழி அப்பத்தாவின் பணம். அவர் டெபாசிட்டை முடித்து, மகன் சேமிப்புக் கணக்குக்கு வங்கி மூலமாகவே மாற்றிவிட வேண்டும். தாய் மகனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஒரு பக்கத்தில் அன்பளிப்புக் கடிதம் எழுதி, அவருடைய டெபாசிட் முடிந்த ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட வேண்டும். ரொக்கமாக எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். இப்போது 36 லட்சம் ஆயிற்று. தேவைக்கு மேல் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்று அதிகம் மிஞ்சுகிறது. அந்த மிச்சம் அவசியம், ஏனென்றால் ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளின் ஒவாண்டா விலையில்தான். பவுண்டு மூன்று ரூபாய் ஏறினாலே இந்தக் குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட 80,000 ரூபாய் கூடுதலாகத் தேவைப்படும்.

அடுத்தது அப்பாவின் 15 லட்சம். பெரிய தவறுகள் நடப்பது இந்த இடத்தில்தான். பல டெபாசிட்டுகளில் முதிர்ந்ததும் தானாகவே புதுப்பிக்கும்படி குறித்திருக்கும். ஜூலை 13-ல் அது புதுப்பிக்கப்பட்டால் புது ரசீதில் போட்ட தேதி ஜூலை 13 என்றே வரும். ஜூலை கடைசியில் அதைக் காட்டினால், பணம் இரண்டு வாரம்தான் இருந்திருக்கிறது என்று படிக்கப்படும். இரண்டு ஆண்டாக அதே வங்கியில் இருந்த பணம் என்பது ரசீதைப் பார்த்துத் தெரியாது.

இதற்குப் பயந்து சிலர் இப்போதே டெபாசிட்டை உடைத்துவிடுகிறார்கள். முதிர்வுக்கு நான்கு வாரமே இருக்கும்போது அது வீண் நஷ்டம். முன்கூட்டி எடுத்தால் பல வங்கிகள் வட்டி வீதத்தில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. அது மீதமுள்ள நாட்களுக்கு மட்டுமல்ல, பணம் இருந்த காலம் முழுவதற்கும் பொருந்தும். இரண்டு ஆண்டு டெபாசிட்டில் 15 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் ஏறக்குறைய 30,000 ரூபாய் போய்விடும்.

என் யோசனை இது. கிளைக்குப் போய், தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி, முதிர்ந்த தொகையைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். 28 நாட்களை ஜூலை 13 முதல் எண்ணினால் ஆகஸ்ட் 9-ல் நிறைவடையும். அம்மாவின் டெபாசிட் அப்படியே இருக்கட்டும், உடைக்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 11 வாக்கில் எல்லாக் கணக்குக்கும் ஸ்டேட்மெண்டும் கடிதமும் வாங்கி அந்த வாரமே விண்ணப்பித்தால், வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர் விண்ணப்பங்களுக்கு வழக்கமான மூன்று வாரத்தில் முடிவு எதிர்பார்க்கலாம். வகுப்பு செப்டம்பர் மூன்றாம் வாரம் என்றால் இது போதும். வகுப்பு அதற்கு முன்பே தொடங்குகிறது, காத்திருக்க முடியாது என்றால் நடுவில் முதிர்ந்தாலும் பரவாயில்லை. முதிர்வு நாள் வரை டெபாசிட் இருந்ததற்கான சான்றையும், அதே நாளில் தொகை வரவானதைக் காட்டும் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மெண்டையும் சேர்த்தே கொடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகரலாம்; மொத்தம் ஒருநாளும் குறையக் கூடாது, அந்த நகர்வு காகிதத்தில் தெரிய வேண்டும்.

வங்கிக் கடிதத்தைக் கிளை மேலாளரிடம் "பேலன்ஸ் சர்டிபிகேட்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அதில் அன்றைய இருப்பு மட்டுமே வரும். கணக்கு வைத்திருப்பவர் பெயர், டெபாசிட் எண், முதலில் போட்ட தேதி, முதிர்வுத் தேதி, கடிதத் தேதியில் உள்ள தொகை, முதிர்வுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வாசகம், அதன்மேல் கடன் எதுவும் இல்லை அல்லது இவ்வளவு உண்டு என்ற வாசகம், இத்தனையும் வங்கியின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில், கையெழுத்தும் முத்திரையுமாக வேண்டும். புதுப்பிக்கப்பட்ட டெபாசிட் என்றால் எந்தத் தேதியிலிருந்து தொடர்ந்து இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நீங்களே ஒரு மாதிரியைத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

பெற்றோர் பணம் என்றால் பிறப்புச் சான்றிதழும், பணத்தை மகளின் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கும் பெற்றோர் கடிதமும் சேர வேண்டும். உறவை நிரூபிக்க ரேஷன் கார்டும் ஆதாரும் போதாது. நம் ஊரில் சிக்கல் வருவது பெயரில். வங்கியில் "கே. முருகேசன்", பிறப்புச் சான்றிதழில் வெறும் "முருகேசன்", மகளின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தாத்தா பெயரோடு நிற்கும். பழைய சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறாமலும் இருக்கும். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ இதைத் திருத்த நாளாகும் என்பதால், பணத்துக்கு முன் இந்தக் காகிதத்தைத்தான் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

இத்தனைக்குப் பிறகும் தொகை பற்றாவிட்டால், வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் தேதியிட்ட கடன் கடிதம் போதும், அதற்கு 28 நாள் விதி கிடையாது. "ஒரு மாதத்துக்குப் பணம் போட்டு வைக்கிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்" என்று வரும் ஏஜெண்டுகளிடம் மட்டும் போகாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் விசா மறுப்போடு நிற்காது. பத்து ஆண்டு வரை பிரிட்டனுக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

விண்ணப்பத் தேதி என்பது இணையத்தில் விசாக் கட்டணம் செலுத்தும் நாள்தான், விரல் ரேகை கொடுக்கும் நாள் அல்ல. 31 நாட்களை அதிலிருந்தே பின்னோக்கி எண்ணுங்கள். அன்று விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் சேரும். ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், ஓராண்டு முதுகலைக்கும் அதன்பின் விசாவில் தரப்படும் நான்கு மாதத்துக்கும் சேர்த்து 1,164 பவுண்டு, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். இந்தப் பணத்தைக் காட்டும் கணக்கிலிருந்து எடுக்காமல், வேறொரு கணக்கில் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.