கபாலிக்கு முந்தைய 82 நாள்கள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு



திரைப்படம் ஒன்று வெளியாவதற்கு முன்பே எவ்வாறு விற்கப்படுகிறது என்பதைப் பயில விரும்பும் மலேசியத் தமிழ் மாணவருக்கு, 2016-இல் வந்த ‘கபாலி’ மிகப் பொருத்தமான பாடமாகும். அதன் கதை இந்நாட்டுத் தோட்டத் தமிழரின் வாழ்வில் வேர்கொண்டது, படப்பிடிப்பின் கணிசமான பகுதியும் இங்கேயே நடந்தது. பா. இரஞ்சித் இயக்கி, கலைப்புலி எஸ். தாணு தயாரித்த அப்படத்தின் டீசர் மே 1 அன்றும், சந்தோஷ் நாராயணன் இசையமைத்த பாடல்கள் ஜூன் 12 அன்றும் வெளியாயின. படம் ஜூலை 22, வெள்ளிக்கிழமை திரைக்கு வந்தது. டீசருக்கும் பாடல்களுக்கும் இடையே 42 நாள்கள், பாடல்களுக்கும் படத்துக்கும் இடையே 40 நாள்கள் என்னும் இந்தப் பகுப்பு கவனிக்கத்தக்கது. டீசர் எழுப்பும் பேச்சு சில வாரங்களில் தணியத் தொடங்கும்போது பாடல்கள் வந்து அதை மீண்டும் மூட்டிவிடுகின்றன.

டிரெய்லர் என்பது கதை செல்லும் திசையைச் சுருக்கிக் காட்டுவது. டீசரோ கதையை மறைத்துவிட்டு ஒரு மனிதரையும் ஒரு மனநிலையையும் மட்டும் காட்டுவது. ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடும் கபாலி டீசரில், கபாலி யார் என்னும் கேள்வி முதலில் எழுப்பப்படுகிறது. அதன்பின் நரைத்த தாடியும் கோட்டு சூட்டுமாக ரஜினிகாந்த் தோன்றுகிறார். பழைய படங்களில் முதலாளி பெயர் சொல்லி அழைத்ததும் கூனிக் குறுகி வந்து நிற்கும் அடியாள் கபாலி தாம் அல்லர் என்று அவரே முழங்குகிறார். அடியாளுக்கு வைக்கப்பட்டு வந்த பெயர் அந்த ஒரு நிமிடத்தில் தலைவனின் பெயராகிவிடுகிறது. பார்த்தவர் எளிதில் திருப்பிச் சொல்லத்தக்க ‘கபாலிடா’ என்னும் ஒற்றை முழக்கமும் கிடைத்துவிடுவதால், அதைச் சட்டையில் அச்சிடுவதும், மீம் ஆக்குவதும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இரசிகரின் வேலையாகின்றன. தயாரிப்பாளருக்கு அதற்கெனத் தனிச் செலவில்லை. சமூக ஊடக விளம்பரத்தின் உயிர்நிலை இதுவே: பார்வையாளர் தம் கையால் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு சிறு துண்டு அதில் இருக்க வேண்டும்.

டீசரின் முதல் வாடிக்கையாளர் இரசிகர் அல்லர் என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. ஒரு வட்டாரத்தில் படத்தைத் திரையிடும் உரிமையை விநியோகஸ்தர் பெரும்பாலும் மினிமம் கேரண்டி முறையில், அதாவது வசூல் எப்படியிருப்பினும் திருப்பிக் கேட்க முடியாத ஒரு தொகையை முன்னதாகக் கொடுத்து வாங்குகிறார். டீசர் எழுப்பும் ஆரவாரம் அந்தப் பேரத்தில் தயாரிப்பாளரின் கையை வலுப்படுத்துகிறது. விமானமொன்றின் உடலில் கபாலியின் உருவத்தைத் தீட்டிப் பறக்கவிட்ட ஏர்ஏசியா போன்ற கூட்டு விளம்பர நிறுவனங்களும் அந்த ஆரவாரத்தை நம்பியே சேர்கின்றன.

ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. நீண்ட சிறைவாசத்துக்குப் பின் வெளிவரும் முதியவர், இழந்துவிட்டதாக எண்ணிய மனைவியைத் தேடிச் செல்வதும், தோட்டத் தமிழரின் அடுத்த தலைமுறை வன்முறைக் கும்பல்களிடம் சிக்கிச் சீரழிவதைக் கண்டு கலங்குவதுமே படத்தின் இதயம். அது நிதானமாக நகரும் படம். டீசர் வாக்களித்ததோ இடைவிடாத தாதா ஆட்டம். பாடல் தொகுப்பு அந்த வகையில் நேர்மையாகவே இருந்தது, ஏனெனில் ‘நெருப்புடா’வுடன் ‘மாய நதி’ என்னும் மென்மையான பாடலும் அதில் இடம்பெற்றிருந்தது; எனினும் முழக்கத்தின் ஓசையில் அந்தக் குறிப்பு அமுங்கிவிட்டது. முதல் நாள் அரங்குகள் நிரம்பி வழிந்தபோதும் பார்த்தவர் கருத்து இரண்டாகப் பிளந்ததற்கு இந்த முரண் ஒரு முக்கியக் காரணம் என்றே கொள்ள வேண்டும். இரஞ்சித்தின் படம் அதற்குரிய பொறுமையோடு வரவேற்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால் இது வருந்தத்தக்கது.

இதே முரண் ‘3’ படத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ உலகெங்கும் பரவியது; 2012 மார்ச் 30 அன்று வந்த படமோ மனநோயால் சிதையும் இளைஞனின் துயரக் கதையாக இருந்தது, பாடல் அடைந்த வெற்றியை அது நெருங்கவே இல்லை.

ஆகவே விளம்பரத்தை அளப்பவர் யூடியூப் பார்வை எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. ஒரே இரசிகர் பலமுறை பார்ப்பதும், நுழைவுச்சீட்டு வாங்க எண்ணாதவர் வெறுமனே பார்ப்பதும் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. முன்பதிவும் முதல் வெள்ளியின் கூட்டமும் விளம்பரம் எத்தனை பேரை அழைத்து வந்தது என்பதைக் காட்டும். அடுத்த திங்களன்று கூட்டம் எவ்வளவு குறைகிறது என்பதோ, அழைத்தபோது சொன்னதும் அரங்கில் கொடுத்ததும் ஒத்துப்போயினவா என்பதைக் காட்டும். வார நாளில் எப்படத்துக்கும் கூட்டம் குறையும் என்பதால், திங்களின் எண்ணைத் தனியே பார்க்காமல், ஒத்த அளவில் வெளியான வேறொரு படத்தின் திங்களோடு வைத்துப் பார்ப்பதே முறை. பினாங்கிலிருந்தபடியே இதைச் செய்து பார்க்கலாம்: திரையரங்கின் முன்பதிவுப் பக்கத்தில் நிரம்பிய இருக்கைகளை வெள்ளி இரவுக் காட்சிக்கும் திங்கள் இரவுக் காட்சிக்கும் எண்ணிக் குறித்துக்கொண்டு, அந்தப் படத்தின் டீசரை மறுபடி ஓடவிட்டு, அதிலுள்ள காட்சிகள் படத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அருகே எழுதி வைத்தால் போதும்.