வெபினாரிலிருந்து ஒரு தாள்

அன்பின் மருமகளுக்கு,

நீ அனுப்பிய நாலு பக்கக் குறிப்பையும் வாசித்தேன். சென்னையில் இருக்கும் ஒருவர் சேமிப்பைப் பற்றி வெபினாரில் ஒன்றரை மணித்தியாலம் பேசியதை உடுப்பிட்டியில் இருந்து கேட்டு, ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறாய். "இதில எதை மாமா முதல் செய்யிறது?" என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். அவர் பேசிய வரிசையில் செய்யத் தேவையில்லை. அந்த வரிசை, கேட்கிறவரைத் திட்டத்தில் சேர்ப்பதற்காகப் போட்ட வரிசை. விலைவாசிப் பயம் முதலில், வங்கி வட்டி போதாது என்பது அடுத்து, அவருடைய திட்டம் மூன்றாவது. அவசரத்துக்குக் காசு ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற மிகப் பயனுள்ள பேச்சு, உன் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியாகக் கிடக்கிறது.

செய்ய வேண்டியவற்றை மட்டும் ஒரே தாளில் எழுதிக்கொள். அதற்கு முதலில் குறிப்பை வடித்தெடு. ஒவ்வொரு வசனத்திலும் நிறுவனத்தின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் வெட்டிவிட்டு வாசித்துப் பார். "எங்கள் செயலியில் தினமும் செலவைப் பதியுங்கள்" என்றதில் பெயரை வெட்டினால், செலவை எழுது என்பது மிஞ்சும். அதற்கு ஒரு கொப்பி போதும். அந்த வரி தாளுக்கு வரலாம். "இன்றிரவுக்குள் சேர்ந்தால் கட்டணத்தில் பாதி" என்றதில் பெயரை வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. அதை விட்டுவிடு.

இதில் அளவுக்கு மீறி வெட்டிவிடுகிற ஆபத்தும் உண்டு. சேமிப்பையும் ஆயுள் காப்புறுதியையும் சேர்த்துக் கட்டிய ஒரு திட்டத்தைப் பற்றி அவர் இருபது நிமிடம் பேசியதாக எழுதி, அந்தப் பக்கம் முழுவதற்கும் குறுக்கே கோடு போட்டிருக்கிறாய். திட்டத்தை வெட்டியது சரி. ஆனால் அதற்குள் ஒரு நல்ல விதை இருந்தது: உன் உழைப்பில் வேறொருவர் சாப்பிடுகிறார் என்றால், நீ இல்லாமற் போனால் அவருக்கு என்ன வழி என்று யோசித்து வைக்க வேண்டும். அதை நிபந்தனையோடு தாளில் எழுது. அம்மா உன் சம்பளத்தை நம்பியிருப்பதால் உனக்கு அது பொருந்தும். தனியாக இருக்கும் உன் சிநேகிதிக்குப் பொருந்தாது.

கடினமான இடம், உண்மையான எண் ஒன்று விற்பனைக்குத் துணை போகும் இடம். இலங்கையில் பணவீக்கம் 69.8 வீதம் என்று திரையில் காட்டினார் என்று எழுதியிருக்கிறாய். அது பொய் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய கணக்கு அது. அதுவே உச்சம். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதம். விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை, ஏறுகிற வேகந்தான் குறைந்தது. உச்ச மாதத்தை மட்டும் காட்டினால் நிலையான வைப்பில் போடுகிறவர் எவரும் ஏமாளியாகத்தான் தெரிவார். இப்படி ஓர் எண் வந்தால் பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் எழுதிக்கொள். திகதி இல்லாத எண்ணைத் தாளில் ஏற்றாதே.

அடுத்தது நாடு. வங்கி மூடப்பட்டால் 5 இலட்சம் வரை கிடைக்கும் என்றது இந்தியச் சட்டம், இந்திய ரூபாய். இங்கே வைப்புக் காப்புறுதி 2021 இலிருந்து ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய். 80சி வரிச்சலுகை என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் நமக்கில்லை. ஆனால் அவர் சொல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளி தன் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னொரு 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். உன் 60,000 ரூபாய்க்கு முதல் நிதியில் மட்டும் மாதம் 12,000 சேர வேண்டும். சம்பளச் சீட்டில் 4,800 கழித்திருக்கிறார்களா, அது உன் பெயரில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, எந்தப் புதுத் திட்டத்துக்கும் முன்னால் வர வேண்டிய வேலை.

இனி வரிசை. எதைத் தள்ளிப்போட்டால் கூடுதலாக நட்டம் வரும், எது முடியாமல் எதைத் தொடங்க முடியாது என்ற இரண்டையும் கேட்டு வரிசைப்படுத்து. அம்மாவின் சங்கிலி 150,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, வட்டி 18 வீதம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு வருடம் 27,000 ரூபாய் போகிறது, மாதம் 2,250. அதே தொகையை 8 வீதத்துக்கு வைப்பில் போட்டால் வரி பிடிக்காமலே 12,000 தான் வரும். ஆகவே சங்கிலி மீட்கும்வரை முதலீட்டுப் பேச்சே வேண்டாம்.

அப்படியென்றால் எல்லாக் காசையும் சங்கிலிக்கே போடலாமே என்று கேட்பாய். கையில் ஒன்றுமில்லாமல் மீட்டால், அடுத்த மாதம் ஒரு வைத்தியச் செலவு வந்தவுடன் திரும்ப அடகுக் கடைக்குத்தான் போவாய். அதனால் ஒரு மாதச் செலவான 40,000 ரூபாயை முதலில் சேர்த்துவிட்டுச் சங்கிலிக்குப் போ. மாதம் 12,000 மிச்சம் பிடித்தால் நாலாவது மாதத்தில் அது சேர்ந்துவிடும். அதற்குமுன் அடகுச் சீட்டை எடுத்துத் தவணைத் திகதியைப் பார்த்துவிடு. திகதி கிட்டத்தில் இருந்தால் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிட்டுச் சேமிப்பைத் தொடங்கு. நகை ஏலத்துக்குப் போனால் இந்த வரிசையெல்லாம் வீண்.

உன் தாள் இப்படி வரும்:

1. அடகுச் சீட்டின் தவணைத் திகதியைக் குறி.
2. ஒரு மாதச் செலவை முழுவதும் எழுது.
3. சேமலாப நிதிக் கட்டணம் போகிறதா என்று பார்.
4. 40,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் சேர்.
5. சங்கிலியை மீட்டெடு.
6. அம்மாவுக்காகச் சேமிப்புக் கலக்காத ஆயுள் காப்புறுதியின் விலையை இரண்டு இடத்தில் விசாரி.
7. கணக்கில் உள்ளதை மூன்று மாதச் செலவாக வளர்.
8. அதற்கு மேல் வருவதை வைப்பில் இடு. இடுமுன் அனுமதியைப் பார்.

எட்டாவதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கம். வைப்பு எடுக்கும் அனுமதி உள்ள வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை இலங்கை மத்திய வங்கி வெளியிடுகிறது. 2008 இல் விழுந்த கோல்டன் கீ, கடனட்டைக் கம்பனியாக இருந்துகொண்டே கூடிய வட்டி சொல்லி ஊராரின் காசை வாங்கியது. அப்படி வைப்பு எடுக்க அதற்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. அனுமதி இருந்தாலும் எல்லை உண்டு. த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மே மாதத்தில் இரத்தானபோது, வைப்பாளருக்குக் காப்புறுதி அப்போதைய எல்லையான 6 இலட்சம் வரைதான் கைகொடுத்தது. அதற்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு மிச்சக் காசு உடனே கிடைக்கவில்லை. வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பட்டியலில் பெயர் இருக்கிறதா, உன் தொகை 11 இலட்சத்துக்குள் நிற்கிறதா என்று பார்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது முடிந்ததை எதைக் கொண்டு அறிவாய் என்று எழுது. மூன்றாவதற்கு நிதியின் கணக்குக் கூற்று, ஐந்தாவதற்குச் சங்கிலி கையில். அப்படி எழுத முடியாத வரி இருந்தால் அது இன்னும் அவருடைய பேச்சாகவே இருக்கிறது, உடைத்து எழுது. நீ கோடு போட்ட அந்தக் காப்புறுதிப் பக்கத்தை எறியாதே. ஆறாவதற்கு விலை விசாரிக்கப் போகும்போது, தவணைப்பணத்தில் எவ்வளவு காப்புறுதிக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்று கேட்க அது உதவும். வந்த பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா