80 வாட் சார்ஜர் என்றால் 80 வாட் ஏறுமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதியில் தங்கி, கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, வெளியே கிளம்ப அரை மணி நேரம்தான் கிடைக்கும். அதற்காகவே பார்த்து 80 வாட் சார்ஜர் உள்ள போன் வாங்கினேன். பேட்டரி 5,000 எம்.ஏ.எச். கைக்கடிகாரத்தில் பார்த்தபோது 5 சதவீதத்திலிருந்து 50 வர 16 நிமிடம் ஆனது. 29-வது நிமிடத்தில் 80, 36-வது நிமிடத்தில் 90, முழுதாக நிறைய 52 நிமிடம். கூட வேலை பார்க்கும் பெண்ணின் ஐபோனுக்கு வெறும் 20 வாட் சார்ஜர்தான், அதுவும் அரை மணியில் பாதி ஏறிவிடுகிறது. நான்கு மடங்கு வாட் உள்ள என் போன் நான்கு மடங்கு வேகமாக ஏற வேண்டாமா? எனக்குப் போலி சார்ஜர் கொடுத்துவிட்டார்களா?

– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் சார்ஜர் போலி இல்லை. நேரத்தை இவ்வளவு கவனமாகக் குறித்து அனுப்பியதால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்த நேரங்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். 5,000 எம்.ஏ.எச். என்பது 5 ஆம்பியர்-மணி. அதைப் பேட்டரியின் சராசரி வோல்ட்டேஜான 3.87-ஆல் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி வரும். வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் 1,000 வாட்-மணி என்பதால், ஒரு யூனிட்டில் உங்கள் போனை ஐம்பது தடவை நிரப்பலாம். 80 வாட் உண்மையிலேயே இடைவிடாமல் ஏறினால், நீங்கள் ஏற்றிய 95 சதவீதத்துக்குப் பதினான்கு நிமிடம் போதும். உங்களுக்கு ஆனதோ 52 நிமிடம். அப்படியானால் சராசரியாக ஏறியது 21 வாட்தான்.

இந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். 5-லிருந்து 50 வரை ஏறிய வேகம் 33 வாட். 50-லிருந்து 80 வரை 27. 80-லிருந்து 90 வரை 17. கடைசிப் பத்து சதவீதத்துக்குப் பதினாறு நிமிடம் ஆகியிருக்கிறது, அங்கே வேகம் 7 வாட்தான். அந்த 80 வாட் எங்கே என்றால், செருகிய முதல் சில நிமிடங்களில் தலைகாட்டிவிட்டுப் போயிருக்கும். பெட்டியில் போடுவது அந்த உச்சத்தைத்தான். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 11 வோல்ட், 7.3 ஆம்பியர் என்பது போல் ஏதாவது இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 80 வரும். இந்தச் சார்ஜரால் அதிகபட்சம் இவ்வளவு கொடுக்க முடியும் என்பதே அதன் பொருள். எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வது போன்.

போன் ஏன் குறைத்துக்கொள்கிறது? லித்தியம் அயனிகள் பேட்டரிக்குள் கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். கம்பெனி பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார்கள், கடைசியில் ஏறுபவர்கள் காலி சீட் தேடி நிற்கிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். இடம் குறைந்த பிறகும் அதே வேகத்தில் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், மோசமான நிலையில் ஆபத்தும் உண்டு.

இதைத் தடுக்கப் பேட்டரிக்கு ஒரு வோல்ட்டேஜ் வரம்பு வைக்கிறார்கள். இன்றைய போன்களில் அது 4.4 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அந்த வரம்பைத் தொடும்வரை மின்னோட்டத்தை நன்றாகத் தள்ளலாம். தொட்டபின் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டு, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க விட வேண்டும்.

இங்கேதான் விளம்பரம் சொல்லாத விஷயம் இருக்கிறது. பேட்டரிக்கு உள்மின்தடை உண்டு. பலமாகத் தள்ளும்போது அந்தத் தடையினாலேயே வோல்ட்டேஜ் கூடுதலாகக் காட்டும். சும்மா இருக்கும்போது 3.9 காட்டும் பேட்டரி, பெரிய மின்னோட்டம் பாயும்போது 4.2, 4.3 என்று ஏறிவிடும். ஆக, சார்ஜர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் வரம்பு வந்துவிடும், வேகத்தையும் அவ்வளவு சீக்கிரமே குறைக்க வேண்டியிருக்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாவதில்லை என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். சூடு இன்னொரு காரணம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அதை நெருங்கும்போதே போன் படிப்படியாக இறங்கிவிடும். நம் ஊர் மே மாதத்தில் பேன் மட்டும் ஓடும் அறையில் போன் கிட்டத்தட்ட 35 டிகிரியிலேயே தொடங்குகிறது, மீதி இருக்கும் இடைவெளி பத்து டிகிரிதான்.

இப்போது உங்கள் தோழியின் ஐபோனுக்கு வருவோம். உங்கள் பக்கத்திலேயே, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரான ஐபோன் 15-ஐ எடுத்துக்கொள்வோம். 20 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜரில் அரை மணியில் 50 சதவீதம் வரை ஏறும் என்று ஆப்பிள் சொல்கிறது. அதன் பேட்டரி சுமார் 13 வாட்-மணி. அதில் பாதி ஆறரை, அது அரை மணியில் ஏறினால் சராசரி 13 வாட். அதாவது எழுதியிருக்கும் வாட்டில் 65 சதவீதம் பேட்டரிக்குள் போகிறது. உங்களுடையதில் முதல் பாதியிலேயே 80-க்கு 33, அதாவது 41 சதவீதம். எழுதியிருப்பது நான்கு மடங்கு, கிடைத்தது இரண்டரை மடங்கு. அதுவும் அந்தப் போனின் பேட்டரி உங்களுடையதைவிடச் சிறியது என்பதால், சதவீதக் கணக்கில் பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் குறைவாகத் தெரிகிறது. வாட்-மணிக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். ஐபோனில் 13-க்கு 20, உங்களுடையதில் 19-க்கு 80. இந்த விகிதம் கூடக் கூட, எழுதிய வாட்டுக்கும் ஏறும் வாட்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

அதனால் 80 வாட் வீண் என்று சொல்லவில்லை. விடுதியில் கிடக்கும் பழைய 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் உங்கள் போனைப் போட்டால் 50 சதவீதத்தைத் தொடவே ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் சார்ஜரில் 16 நிமிடம். இந்த லாபம் பெரிது. ஆனால் கடைசிப் பத்து சதவீதத்துக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கால் மணி நேரம்தான் ஆகும், ஏனென்றால் அங்கே போன் கேட்பதே 7 வாட். பெரிய சார்ஜருக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி 80 சதவீதத்துக்குள்தான் திரும்பி வருகிறது.

ஆகவே அரை மணி கிடைக்கும்போது போன் 10, 15 சதவீதத்தில் இருந்தால் அது உங்களுக்கு வசதியான இடம். 80 வந்ததும் உருவிவிட்டுப் போங்கள். சார்ஜ் ஏறும்போது போனைத் தலையணைக்கு அடியிலோ மெத்தையிலோ வைக்காமல் வெறும் தரையில், உறை கழற்றி வையுங்கள். வீடியோ ஓட விடாதீர்கள். ஒன்று கவனியுங்கள்: இப்படிப்பட்ட போன்கள் தங்கள் சொந்தச் சார்ஜரையும் கேபிளையும் அடையாளம் கண்ட பிறகுதான் முழு வேகத்தைத் திறக்கும். தோழியின் கேபிளை மாட்டினால் சத்தமில்லாமல் 10 வாட்டுக்கு இறங்கிவிடலாம். 20-லிருந்து 50 வரை ஏற எத்தனை நிமிடம் என்று இன்று குறித்து வையுங்கள். பின்னால் என்றாவது அது இரண்டு, மூன்று மடங்கானால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், பிறகு சூட்டை, அதன் பிறகு பேட்டரியை.

கேள்வி: கிரெட்டா எலெக்ட்ரிக் வாங்க யோசிக்கிறேன். 50 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் வர 58 நிமிடம் என்கிறார்கள். ஏன் 100 வரை எவ்வளவு நேரம் என்று பெரிதாகப் போடுவதில்லை? மறைக்கிறார்களா?

– வாசகர், ஒரகடம்

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்திருந்தால் பாதி விஷயம் பிடிபட்டிருக்கும். 2025 ஜனவரியில் அறிமுகமான இந்தக் கார் உங்களுக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில்தான் தயாராகிறது. பெரிய பேட்டரி 51.4 யூனிட். அதில் 70 சதவீதம் 36 யூனிட். 58 நிமிடத்தில் என்றால் சராசரி 37 கிலோவாட், அதாவது எழுதியதில் முக்கால் பங்கு. போனைவிட இது நல்ல கணக்கு. 51 யூனிட் பேட்டரிக்கு 50 கிலோவாட் பெரிய தள்ளல் அல்ல என்பதே காரணம். 80-க்கு மேல் மின்னோட்டம் வேகமாக இறங்கும், அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் அங்கேயே நிறுத்தி எழுதுகின்றன. என் பார்வையில் அது மறைப்பதாகாது, அந்த இடத்தில் உருவிவிட்டுக் கிளம்புவதுதான் சரி என்பதற்கான குறிப்பு.

உங்களை ஏமாற்றக்கூடியது வேறொன்று. நெடுஞ்சாலையில் 60 கிலோவாட் என்று பலகை வைத்த பல சார்ஜர்களில் இரண்டு சார்ஜிங் கன்கள் இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார் செருகியதும் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். அப்போது 58 நிமிடக் கணக்கு செல்லாது, 36 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரமாகும். செருகிய ஐந்து நிமிடம் கழித்துச் சார்ஜர் திரையில் கிலோவாட் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். பலகையில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்த எண்ணை வைத்து நேரம் போடுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது 100 ஆகும்வரை நின்று பின்னால் வருபவரைக் காக்க வைக்காதீர்கள். 80-இல் கிளம்பி அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு முறை ஏற்றிக்கொண்டால் உங்களுக்கும் நேரம் மிச்சம்.