இன்று சாயம் இல்லை. நாளை மறுநாள் உண்டு
(ஒரு முடிதிருத்தகத்தின் அறிவிப்புப் பலகை தரும் பாடம்)

கடைக்கு வந்த வாடிக்கையாளரைப் பணத்தோடு திருப்பி அனுப்புவது எந்த வியாபாரிக்கும் மனம் வராத காரியம். அப்படித் திருப்பி அனுப்பியே ஆகவேண்டிய ஒரு தொழிலையும், அதற்காக மாட்டப்பட்ட ஒரு பலகையையும் இம்முறை பார்ப்போம். நாம் அனைவருமே கடையில் ஹேர் டை, கறுப்பு மெஹந்தி பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கிறோம். ஆகவே இது நம் கல்லாவுக்கும் உரிய பாடமே.

நாம் முடி வெட்டிக்கொள்ளும் கடையின் உரிமையாளர் முதலில் ஓர் அட்டையில், "டை அடிப்பதற்கு முன் டெஸ்ட் கட்டாயம்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். தினமும் தகராறு. "பத்து வருஷமா அடிக்கிறேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் பலர். பலகை 'முடியாது' என்று சொன்னதே தவிர, ஏன் முடியாது, எப்போது முடியும் என்று சொல்லவில்லை. பிறகு அவர் மாற்றி எழுதிய பலகை இது:

"தலைக்கும் மீசைக்கும் சாயம் அடிக்க வருபவர்களுக்கு:
1. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு சாயம் தடவிப் பார்ப்போம். கட்டணம் இல்லை.
2. 48 மணி நேரம் கழித்துத்தான் சாயம் அடிப்போம். ஒவ்வாமை உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரும்.
3. பல வருடம் அடித்தவர்களுக்கும் திடீரென வரலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் சோதனை உண்டு.
4. இன்று தடவினால் நாளை மறுநாள் இதே நேரம் வரலாம். விசேஷம் இருந்தால் மூன்று நாள் முன்பே வாருங்கள்.
5. முன்பு டையோ கறுப்பு மெஹந்தியோ போட்டு அரிப்பு, வீக்கம் வந்திருந்தால் சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சோதனையும் வேண்டாம், சாயமும் வேண்டாம்.
6. புருவம், இமைக்கு எப்போதும் சாயம் அடிப்பதில்லை."

இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. கறுப்பு நிறம் தரும் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா பினைலின் டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சுருக்கமாக பிபிடி என்பார்கள். சிலருடைய உடல் இதை எதிரியாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த அடையாளம் முதல் தடவையிலேயே உண்டாகலாம். ஐம்பதாவது தடவையிலும் உண்டாகலாம். உண்டான பிறகு மறுபடி சாயம் பட்டால் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம் வரும். முகமும் கண்ணிமையும் வீங்கும். "இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை" என்பது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

சோதனை செய்யும் முறை எளிது. காதுக்குப் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ, புண், கீறல் இல்லாத இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தலைக்கு எந்தச் சாயம் அடிக்கப்போகிறோமோ அதே கம்பெனி, அதே நிறத்தை உள்ளே இருக்கும் தாளில் சொன்னபடி கலந்து, ஒரு பொட்டு அளவு தடவிக் காயவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்து மெதுவாகக் கழுவ வேண்டும். நம் கடைக்காரர் அதோடு விடாமல், இன்னும் ஒரு நாள் பொறுத்து 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறார். தோலில் கறுப்புக் கறை மட்டும் இருந்தால் பயமில்லை. அது சாயத்தின் நிறம். அரிப்பு, சிவப்பு, தடிப்பு, சிறு பொரி இவற்றில் எது இருந்தாலும் சாயம் கிடையாது.

இரண்டாவது நாள் எதற்கு என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்தார். புதன்கிழமை தங்கை மகள் கல்யாணம். "இன்னிக்கே அடிச்சு விடுங்கண்ணே. நான் டை போடறதில்லை, எட்டு வருஷமா மெஹந்திதான்" என்றார். கடைக்காரர் பலகையைக் காட்டி, "கல்யாணம் புதன்கிழமைதானே சார், திங்கட்கிழமை வாங்க, தாராளமா நாள் இருக்கு" என்று சொல்லிப் பொட்டு வைத்து அனுப்பினார். ஞாயிறு மாலை கழுவியபோது ஒன்றும் இல்லை. திங்கள் காலை எழுந்தபோது காதுக்குப் பின்னால் சிவந்து, தடித்து, தாங்கமுடியாத அரிப்பு. ஒரே நாளில் முடிவு சொல்லியிருந்தால் ஞாயிறு இரவே தலை முழுக்க அடித்திருப்பார்கள்.

அவர் போட்டுவந்த மெஹந்தியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் மருதாணி இலைத் தூள் முடிக்குச் செம்மை நிறமே தரும், கறுப்பு தராது. கறுப்பு தரும் மெஹந்தித் தூளில் பெரும்பாலும் பிபிடி சேர்ந்திருக்கும். அதேபோல 'அம்மோனியா இல்லை' என்று அச்சிட்டிருப்பதால் பிபிடி இல்லை என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு பொருள். கடைக்காரர் அவரிடம் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். கறுப்பு மெஹந்தியும் இனி வேண்டாம் என்றார். அவர் நரையோடுதான் கல்யாணத்துக்குப் போனார். ஆனால் மாதம் தவறாமல் முடி வெட்ட அதே கடைக்குத்தான் வருகிறார்.

"என் பொறுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்பவர்களும் உண்டு. கையெழுத்தால் வீக்கம் நிற்காது என்பதே கடைக்காரரின் பதில். கையெழுத்துக்குப் பதில் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பெயர், தேதி, நேரம், கம்பெனி, நிறம், இரண்டாம் நாள் பார்த்தது என்ன என்று ஒரே வரி. ஒரு முறை ஒத்துக்கொள்ளாதவர் ஆறு மாதம் கழித்து மறந்து வந்தாலும் நோட்டு மறக்காது. சோதனையில் தேறியவருக்கும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது என்பதையும் அவர் சொல்லியே அனுப்புகிறார். அடித்த பிறகு அரித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

இனி நம் கடைக்கு வருவோம். ஹேர் டை உறையில் எச்சரிக்கையும், உள்ளே சோதனை முறையும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பவர் குறைவு. ஆகவே சரத்தின் பக்கத்தில் ஒரு சிறு அட்டை தொங்கவிடலாம்: "இன்று காதோரம் ஒரு பொட்டு, நாளை மறுநாள் தலைக்கு." ஒரு பொட்டுக்காகப் பாக்கெட் முழுவதையும் கலக்கத் தேவையில்லை, கொஞ்சம் எடுத்துக் கலந்துவிட்டு மீதியை ஈரம் படாமல் மடித்து வைக்கலாம் என்றும் சொல்லுங்கள். உள்தாள் இல்லாத உதிரிச் சரக்கு வந்தால் விற்காமல் திருப்பி அனுப்புங்கள். விசேஷத்துக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு டை கேட்டு வருபவரிடம், "இதுக்கு முன்னாடி அரிச்சிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த ஒரு பாக்கெட் நம் கடையிலேயே இருக்கட்டும்.