பணம் யார் கணக்கிலிருந்து, எந்த வழியில்?

வங்கியின் கல்விக்கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், வெளிநாடு போகிற பிள்ளைகள் தங்கள் மின்னஞ்சலைக் கொண்டுவந்து திருத்தித் தரச் சொல்வது நிற்கவில்லை. ஆங்கிலத்தைப் பார்க்கச் சொல்வார்கள். ஆங்கிலம் நன்றாகவே இருக்கும், விஷயம்தான் இருக்காது.

பிரிட்டனில் முதுகலைக்கு இடம் கிடைத்த ஒரு தம்பி, பல்கலைக்கழக நிதி அலுவலகத்துக்கு எழுதியதைக் காட்டினார். நீளமாக மூன்று பத்தி. அப்பாவின் நிலைமை, விசா அவசரம், நன்றிகள். நடுவே ஒரு வரி: "என் கல்விக்கடன் அனுமதியாகிவிட்டது, தயவுசெய்து ரசீது அனுப்புங்கள்."

கடன் அனுமதியானது என்றால் வங்கி தரச் சம்மதித்திருக்கிறது, அவ்வளவுதான். பணம் இன்னும் புறப்படவில்லை. வராத பணத்துக்கு அந்த அலுவலகம் எப்படி ரசீது தரும்?

"ரசீது எதுக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"அப்பா கட்டின முன்பணத்துக்கு சார். பேங்க்ல கேட்கிறாங்க."

அப்போதுதான் அந்த ஒரு வரிக்குள் இரண்டு பணம் இருப்பது தெரிந்தது. மொத்தக் கட்டணம் 18,500 பவுண்டு. அதில் 4,000 அப்பாவின் கணக்கிலிருந்து போய்விட்டது. மீதி 14,500 கடனாக வர வேண்டும். நான்கு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வெளிநாட்டுப் படிப்புக் கடனில் மாணவர் பங்காக 15 சதவீதம் போடச் சொல்வது நம் வங்கிகளின் பொது வழக்கம். அந்தப் பங்கு கட்டப்பட்டதற்குச் சான்று பார்த்த பிறகே வங்கி தன் பணத்தை விடுவிக்கும். ஆக 4,000 பவுண்டுக்கு ரசீது வராவிட்டால் 14,500 நகராது. விசாவுக்கான சி.ஏ.எஸ். ஆவணத்திலும் அந்த முன்பணம் ஏறியிருக்க வேண்டும். ஏறினால் கையில் காட்ட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்த சிக்கல் வழி. பல்கலைக்கழகம் ஒரு கட்டணத் தளத்தின் இணைப்பைக் கொடுத்து அதன் மூலம் கட்டச் சொல்லியிருந்தது. அதில் பணம் பெறுபவர் பெயர் அந்தத் தள நிறுவனத்துடையது. கிளையிலோ, கடிதத் தாளில் வந்த பல்கலைக்கழகக் கணக்குக்கு ஸ்விஃப்ட் மூலம் மட்டுமே அனுப்புவோம் என்றார்கள். இதைக் குற்றம் சொல்ல முடியாது. கல்விக்கு என்று கொடுத்த கடன் வேறொரு பெயருக்குப் போனால், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கிளை மேலாளர்தான். இரு பக்கமும் தங்கள் விதியில் நிற்கும்போது, நடுவில் நிற்கிற மாணவர்தான் கேட்டுத் தெளிய வேண்டும். அவர் மின்னஞ்சலில் அந்தக் கேள்வியே இல்லை.

திருத்தி எழுதியதன் சாரம் இது. பொருள் வரியில் மாணவர் எண், முழுப்பெயர், படிப்பு. பிறகு:

"4,000 பவுண்டு முன்பணத்தை என் தந்தை இன்ன தேதியில் நீங்கள் தந்த கட்டணத் தளம் வழியாகச் செலுத்தினார், பரிவர்த்தனை எண் இது. என் பெயர், தொகை, தேதி, கல்வியாண்டு உள்ள ரசீது தேவை. மீதி 14,500 பவுண்டை என் வங்கி நேரடியாக அனுப்பும். பல்கலைக்கழகக் கணக்குக்கு ஸ்விஃப்ட் மூலம் அனுப்பினால் ஏற்பீர்களா? ஏற்பீர்களானால் கணக்குப் பெயர், எண், ஐபேன், ஸ்விஃப்ட் குறியீடு, எழுத வேண்டிய குறிப்பு ஆகியவற்றைக் கட்டணக் கோரிக்கைக் கடிதத்தில் தாருங்கள். இல்லையென்றால், அந்தத் தளம் உங்கள் சார்பில் பணம் பெறுகிறது என்று ஒரு கடிதம் தாருங்கள். உங்கள் கடிதம் வந்த பிறகே வங்கி விடுவிக்கும். கெடு தேதிக்குள் சேராவிட்டால், கடன் அனுமதிக் கடிதத்தைக் கொண்டு பதிவு செய்ய முடியுமா?"

அப்பாவின் நிலைமையை எடுத்துவிட்டேன். தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "அதைச் சொன்னாத்தான் சார் இரக்கப்படுவாங்க" என்றார். படிப்பவருக்கு இரக்கம் இருக்கலாம். ஆனால் அவர் திரையில் மாணவர் எண்ணை அடித்துத்தான் தேட முடியும்.

தேதியையும் வாக்காகக் கொடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வந்துவிடும்" என்று எழுதியிருந்தார். கடிதம் எப்போது வரும் என்று கிளைக்கும் தெரியாது; அனுப்பிய பிறகும் சேர சில வேலைநாள் ஆகும்.

பதிலில் ரசீதும் கணக்கு விவரமும் வந்தன. நேரடியாக அனுப்பலாம் என்றார்கள். கணக்கு எண்ணை மாணவர் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்ட பிறகே கிளைக்குக் கொடுக்கச் சொன்னேன், ஏனென்றால் போலி மின்னஞ்சலில் கணக்கு மாறிவரும் மோசடி உண்டு. படிவத்தில் வங்கிக் கட்டணப் பகுதியில் OUR என்று குறிக்கவும் சொன்னேன். SHA என்று போட்டால் இடைப்பட்ட வங்கி தன் கூலியை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். சில பவுண்டு குறைந்தாலும் கணக்கில் பாக்கி என்று நிற்கும். OUR போட்டும் குறைவது எப்போதாவது நடக்கிறது. அதனால் பணம் புறப்பட்டதும் MT103 நகலைக் கிளையில் வாங்கி, அதே மின்னஞ்சல் தொடரிலேயே இணைத்து, "குறைந்திருந்தால் எவ்வளவு என்று சொல்லுங்கள், அட்டையில் கட்டிவிடுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தோம். 18 பவுண்டு குறைந்திருந்தது. அன்றே கட்டி முழுத் தொகைக்கும் ரசீது வாங்கினார்; அதன் நகல் கிளையின் கடன் கோப்புக்குப் போயிற்று.