துணி ஆர்டரை மெயிலில் உறுதி செய்யும்போது

வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கும் தோழிகளே, ஈரோட்டு மொத்தக் கடைக்குப் போனில் ஆர்டர் சொன்ன கையோடு ஒரு மெயிலும் தட்டிவிடுங்கள். அதில் கவனிக்க வேண்டியவை இவை:

1. மெயிலின் தலைப்பிலேயே "ஆர்டர் எண் 14, நைட்டி துணி, அக்டோபர் 6 டெலிவரி" என்று போட்டுவிடுங்கள். பிறகு தேடும்போது ஒரே நொடியில் கிடைக்கும்.

2. "மெரூன் பூ போட்ட காட்டன்" என்று மட்டும் எழுதினால், அவர்களிடம் அந்த மாதிரி பத்து டிசைன் இருக்கும். சாம்பிள் துணியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, கடைக்காரரின் கோடை (NC-44-17) அப்படியே எழுதுங்கள். பக்கத்திலேயே நிறமும் பன்னாவும் இருக்கட்டும். கோடில் ஓர் எண் தப்பினாலும் நிறத்தைப் பார்த்து அவர்களே கேட்டுவிடுவார்கள்.

3. ரேட்டுக்குப் பக்கத்தில் "ஜி.எஸ்.டி. தனி" அல்லது "சேர்த்து" என்று கட்டாயம் வேண்டும். 120 மீட்டர், மீட்டர் 85 ரூபாய் என்றால் 10,200. அதன்மேல் 5 சதவீத வரி 510, ஆக மொத்தம் 10,710. இந்தக் கடைசித் தொகையையும் எழுதிவிட்டால், பில் வரும்போது கால்குலேட்டர் தேட வேண்டாம்.

4. தான் எல்லாம் ஒரே நீளத்தில் வராது. 120 கேட்டால் 126 மீட்டர் வந்து நிற்கும். "5 மீட்டர் வரை கூடலாம், குறையலாம், அதற்கு மேல் என்றால் கேட்டுவிட்டு அனுப்பவும்" என்று ஒரு வரி போதும்.

5. "6-ஆம் தேதி" என்பது அவர்களுக்கு லாரி ஆபீஸில் பார்சல் போடும் நாள், நமக்கோ சரக்கு கைக்கு வரும் நாள். அதனால் "6-ஆம் தேதிக்குள் மதுரை வந்து சேர வேண்டும்" என்று எழுதுங்கள். லாரி வாடகை யார் தலையில் என்பதையும் அங்கேயே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பார்சலை எடுக்கும்போதுதான் தெரியும்.

6. "பாதி முன்பணம், மீதி 30 நாளில்" என்றால் எந்த நாளிலிருந்து 30? பில் தேதியா, சரக்கு வந்த தேதியா என்று சொல்லிவிடுங்கள். துணியைத் தயாரிப்பவரே உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது சட்டப்படி 15 நாளில் பணம் தர வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தவணை வேண்டுமென்றால் மெயிலில் இருப்பதுதான் நமக்குப் பலம்.

7. கடைசி வரியில் "கோடு, ரேட், தேதி சரியென்றால் பதில் போடவும்" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். அந்தப் பதிலில் "பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று புது எண் இருந்தால் மட்டும் உஷார்! பழைய பில்லில் உள்ள போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.